கணக்கில் இருந்தது 41 ஆயிரம், போனது ஒன்றரை லட்சம்

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் அன்றைக்கு இருந்தது 41,300 ரூபாய். திருடனிடம் போனது 1,49,500. கணக்கில் இல்லாத பணம் எப்படிப் போகும் என்று அவர் வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அதனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் போனில் வந்திருந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஓடிபியைச் சொன்னால் பணம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போகிறது என்றுதான் பலருக்குத் தெரியாது. அது தெரியாததால்தான், ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று ஆயிரம் முறை கேட்டவர்களும் கடைசி நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள்.

போன் வந்தது காலை பதினொன்றே முக்கால் வாக்கில். அண்ணன் பலகையின் முன் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையில் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு, பலகையின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் ஏடிஎம் கார்டு முடங்கிவிடும் என்றான். கிளைக்கே நேரில் வருகிறேன் என்றார் அண்ணன். “சார், இன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, கிளை லீவு. நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை நீங்க போறப்போ கார்டு பிளாக் ஆகியிருக்கும்” என்றான். அவன் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிக் கிளைகள் கிடையாது. நாளைப் பார்த்துத்தான் போன் செய்திருக்கிறான்.

நம்பிக்கை வரவழைக்க அவன் இரண்டு காரியம் செய்தான். முதலில், கார்டின் ஆரம்ப எண்களை அவனே சொன்னான். “சரியா சார்? மீதியை நீங்க சொல்லுங்க, ஒப்பிட்டுக்கிறேன்.” கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் இன்ன வங்கி, இன்ன வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. ஒரே வங்கியில் ஒரே வகைக் கார்டு வாங்கிய எல்லோருக்கும் அவை ஒன்றுதான். அண்ணனுக்கு எந்த வங்கியில் கணக்கு என்று தெரிந்தால் போதும், அந்த ஆறையும் யாரும் சொல்லிவிடலாம். அடுத்தது, “ஏடிஎம் பின் நம்பரை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், என்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றான். இதைக் கேட்டதும் அண்ணனுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. பின் எண்ணே கேட்காதவன் எப்படித் திருடனாக இருக்க முடியும்? அவனுக்குப் பின் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கார்டு எண், காலாவதி மாதம், கார்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், பாஸ்புக் முதல் பக்கத்தில் இருக்கும் கணக்கு எண், வாடிக்கையாளர் எண். இவை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஓடிபி. மொத்தம் எட்டு. “நெட்வொர்க் ஸ்லோ சார், முதல் நம்பர் ஏத்துக்கல, இன்னொண்ணு வரும்” என்றே ஒவ்வொன்றையும் வாங்கினான். எட்டும் ஒரே வேலைக்கு என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். எட்டும் எட்டு வேலை.

முதல் ஓடிபி, நெட் பேங்கிங் பதிவுக்கு. அண்ணன் நெட் பேங்கிங்கையே தொட்டதில்லை. பல வங்கிகளில் கார்டு விவரமும் கணக்கு எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம். உறுதி செய்ய ஓடிபி ஒன்று போதும். அந்த ஒரு எண்ணை அவர் சொன்னதும், அவர் பெயரில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாகி வேறொருவன் கைக்குப் போய்விட்டன. நான் பயன்படுத்தாத வசதி எனக்கு ஆபத்தில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, பயன்படுத்தாதவர்கள் கணக்கில்தான் இது சுலபமாக நடக்கிறது. ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருந்தால் குறைந்தபட்சம் கடவுச்சொல் மாறியதாவது அவருக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே போனவனுக்குச் சேமிப்புக் கணக்கோடு இரண்டு வைப்பு நிதிகளும் தெரிந்தன. இரண்டு லட்சத்துக்கு ஒன்று, ஒன்றரை லட்சத்துக்கு ஒன்று. மகள் கல்யாணத்துக்காகப் போட்டவை. அடுத்த இரண்டு ஓடிபிகளும் அவற்றை முன்கூட்டியே முடிப்பதற்கு. முடித்த பணம் அதே கணக்கில்தான் வரவாகும். அதனால் அண்ணனுக்கு வந்தவை “இரண்டு லட்சம் வரவு”, “ஒன்றரை லட்சம் வரவு” என்ற மெசேஜ்கள். “சார், உங்க கணக்கு ஒழுங்கா வேலை செய்யுதான்னு வங்கி போட்டுப் பாக்குது, அப்புறம் எடுத்துக்கும்” என்றானாம். வரவு மெசேஜைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? வீட்டார் கேட்ட கேள்விக்கான பதிலும் இதுதான். இல்லாத பணம் போகவில்லை. பத்திரமாக இருந்த பணத்தை, எடுக்கக்கூடிய இடத்துக்கு முதலில் நகர்த்தினான்.

நான்காவது, புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்ப அவருடைய கணக்கைச் சேர்ப்பதற்கு. ஐந்தாவது, அந்தக் கணக்குக்கு 50,000 அனுப்புவதற்கு. ஏன் 50,000 மட்டும்? அந்த வங்கியில், புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் அவ்வளவுதான் அனுப்பலாம் என்று உச்சவரம்பு இருந்தது. இந்தக் கட்டுப்பாடு வங்கிக்கு வங்கி மாறும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. உடனே கார்டு பக்கம் திரும்பினான். ஆறு, ஏழு, எட்டாவது ஓடிபிகள் மூன்று ஆன்லைன் கொள்முதல்களுக்கு: 40,000, 35,000, 24,500. மூன்றும் பரிசு வவுச்சர்கள். கார்டில் ஆன்லைன் வரம்பு நாளுக்கு ஒரு லட்சம்.

இந்த இடத்தில் அவன் போனை வைத்தான். வைக்கும்போது சொன்னதுதான் எனக்கு மிகவும் கோபமூட்டியது. “சார், அப்டேட் ஆக 24 மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கார்டை யூஸ் பண்ணாதீங்க, பேலன்ஸ் பாக்காதீங்க. நாளைக்குக் காலைல நானே கூப்பிடுறேன்.” கணக்கில் இன்னும் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம் மிச்சம் இருந்தது. கார்டின் ஒரு நாள் வரம்பு நள்ளிரவுக்குமேல் மறுபடி முழுதாகத் திறந்துகொள்ளும், அடுத்த நாளோ ஞாயிறு. மிச்சத்தை எடுக்க வருவதற்குத்தான் அந்த 24 மணி நேரம்.

சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடும் இடத்தில் அண்ணன் இதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். “தம்பி, பேங்க்ல இருந்தே போன் பண்ணிக் கேஒய்சி முடிச்சுக் கொடுத்துட்டாங்க, அலைச்சல் இல்ல.” போனைக் கொடுங்கண்ணே என்று வாங்கிப் பார்த்தேன். எல்லா மெசேஜும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எதற்கான ஓடிபி என்று எழுதியிருந்தது. `registration` என்று ஒன்றில், `FD closure` என்று இரண்டில், `beneficiary` என்று ஒன்றில். கார்டு மெசேஜ்களில் தொகையே இருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரியும் எட்டிலும் இருந்தது. அண்ணன் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பவர். எண்ணை மட்டும் கண்ணால் பொறுக்கிச் சொல்லியிருக்கிறார். எதிரில் ஒருவன் “சீக்கிரம் சார், நேரம் முடியுது” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வார்?

அந்த அவசரம் அவனுக்குக் கட்டாயம். ஓடிபிக்கு உயிர் சில நிமிடங்கள்தான். அதற்குள் போட்டாக வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒரு முறை இப்படிப் போன் வந்தது. அவர் வீட்டில் பேச்சு கேட்கும் அளவுக்குத்தான் சிக்னல். மெசேஜ் வர வாசலைத் தாண்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அவர் ஏறி, படித்து, இறங்கி வந்து சொல்வதற்குள் ஒவ்வொரு முறையும் ஓடிபி செத்துப்போனது. கடைசியில் அவனே அலுத்துப்போய் வைத்துவிட்டான். டவர் சரியில்லை என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்த சித்தப்பா இப்போது திட்டுவதில்லை.

ஓடிபி கேட்டால் சொல்லும் பழக்கமும் நமக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கிறார், வாடகைக் கார் ஓட்டுநர் கேட்கிறார், பார்சல்காரர் கேட்கிறார். அங்கெல்லாம் சொல்வதில் தவறில்லை. ஆள் எதிரில் நிற்கிறார், நமக்கு வரவேண்டியது வந்து சேர்ந்ததற்கு அந்த எண் அத்தாட்சி. வங்கி ஓடிபி வேறு வகை. யாரோ தொகையும் பெயரும் எழுதி நீட்டும் செக்கில் நாம் போடும் கையெழுத்து அது. வங்கியின் கணினியே அதை உருவாக்கி, கணினியே சரிபார்க்கிறது. போன் செய்து அதைக் கேட்டு வாங்கும் வேலை எந்த ஊழியருக்கும் கிடையாது. கிளைக்குள் நாம் நேரில் கேட்ட வேலைக்குச் சில சமயம் ஓடிபி வரும், உண்மைதான். அப்போதும் மெசேஜில் எழுதியிருப்பது நாம் கேட்ட வேலைதானா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். இரண்டு போன்களில் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். நான் அண்ணன் போனிலிருந்து, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கூகுளில் தேடி எடுத்த எண்ணை நம்பவே கூடாது. போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டு வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் அங்கே காத்திருக்கிறது. கார்டை மட்டும் முடக்கினால் போதாது என்பது இந்த இடத்தில் முக்கியம். நெட் பேங்கிங் அவன் கையில் இருக்கும்வரை அந்த வழி திறந்தே இருக்கும். கார்டை முடக்குங்கள், நெட் பேங்கிங்கை முடக்குங்கள், கணக்கில் பற்று எதையும் அனுமதிக்காதீர்கள் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். மூன்றுக்கும் புகார் எண்ணும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு போனில் அண்ணன் மகன் 1930க்குப் போட்டான். இணையப் பண மோசடிக்காகவே நாடு முழுவதற்கும் வைத்திருக்கும் எண் அது. உடனே கிடைக்கவில்லை, விடாமல் அடித்தான். கேட்டவை: வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொகை, நேரம், குறிப்பு எண். குறிப்பு எண் மெசேஜிலேயே இருக்கும். பதற்றத்தில் மெசேஜ்களை அழித்துவிடுபவர்கள் இந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள். விவரம் பதிவானதும் அது பணம் போன வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி, பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைக்கும்; வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் தள்ளும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். அதனால்தான் மணிக்கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது. கைக்கு ஒரு புகார் எண் வந்தது. அதை வைத்து இரவே `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்தோம். திங்கட்கிழமை சேலம் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போனோம்.

ஞாயிறு காலை சொன்னபடியே அவன் கூப்பிட்டான். அண்ணன் எடுக்கவில்லை.

வங்கி பணத்தைத் திருப்பித் தராதா என்பது அடுத்த கேள்வி. இதில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வந்துவிடும் என்றார் ஒருவர். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையை அரைகுறையாகக் கேட்டதால் வந்த பேச்சு அது. அந்த மூன்று வேலை நாள் கணக்கு, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறுக்கு. கார்டு விவரத்தையும் ஓடிபியையும் வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவருடைய நஷ்டம் என்கிறது அதே சுற்றறிக்கை. தெரிவித்த பிறகு போனால்தான் அது வங்கியின் பொறுப்பு. வங்கியின் பதிவேட்டில் சரியான ஓடிபி போட்டு முடிந்த பரிவர்த்தனை என்றுதான் இருக்கும். போனில் யார் என்ன சொல்லி வாங்கினான் என்பது அதில் இருக்காது. அண்ணனுக்கு வங்கியிடமிருந்து வந்த கடிதமும் இதைத்தான் சொன்னது. கசப்பாக இருந்தாலும் அந்தக் கடிதத்தில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் புகார் நேரத்தைக் குறித்து வைத்ததும் இந்த விதிக்காகத்தான். அந்த நேரத்துக்குப் பின்னால் ஒரு ரூபாய் போயிருந்தாலும் கேட்க வழி இருந்திருக்கும்.

திரும்பி வந்தது இவ்வளவுதான். 24,500 ரூபாய் வவுச்சர் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்ததால் ரத்தாகி, சில நாளில் கணக்குக்கே வந்தது. மற்ற இரண்டும் வாங்கிய அன்றைக்கே செலவாகிவிட்டிருந்தன. அனுப்பிய 50,000, முதல் கணக்கிலிருந்து இரண்டு கணக்குகளாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் 31,000 நிறுத்தி வைக்கப்பட்டது. மற்றதை ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். நிறுத்தி வைத்த பணமும் தானாக வந்துவிடவில்லை. புகார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, காவல் நிலையத்தின் கடிதம் இவற்றோடு அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கிய பிறகுதான் வந்தது. ஆக 94,000 ரூபாய் போனது போனதுதான்.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். வைப்பு நிதிகளை மறுபடி போட்டோம். ஆனால் நெட் பேங்கிங்கில் பார்க்க மட்டும் முடியும், முடிக்க வேண்டுமானால் கிளைக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லா வங்கியிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் நெட் பேங்கிங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். புதுக் கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்தே வைத்தோம். 2020 அக்டோபர் முதல் கார்டு கொடுக்கும் எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தந்தாக வேண்டும். வரம்பையும் நாமே குறைத்துக்கொள்ளலாம். வெள்ளி வாங்க, கூலி கொடுக்க அண்ணனுக்கு ஆன்லைன் கார்டு எதற்கு? அது திறந்திருந்ததே அவருக்குத் தெரியாது.

பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கும் அதே வங்கியில்தான் சம்பளக் கணக்கு. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் கார்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஆன்லைன் பயன்பாட்டை அணைத்தோம். ஒரு பையன் மட்டும் மறுத்துவிட்டான். அவன் ஆன்லைனில் செருப்பு ஆர்டர் போட்டிருந்தான். வந்ததும் அணைத்துக்கொள்கிறேன் என்றான். வரம்பை இரண்டாயிரமாகக் குறைக்க மட்டும் சம்மதித்தான்.